ஜூஜுவாடியில் ஷெட்யூல் வராத மாதம்

2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் நிறுவனம் பங்குச்சந்தைக்கு ஒரு தகவல் அனுப்பியது. அந்த மாதம் எந்த ஆலை எத்தனை நாள் ஓடாது என்ற பட்டியல் அது. பந்த்நகர் 18 நாள், எண்ணூர் 16 நாள், ஓசூர் ஆலைகள் 5 நாள். சென்னையில் ஒரு தனியார் வங்கியின் தலைமை அலுவலகத்தில், கடன் அபாயப் பிரிவில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு ஓசூருக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று ஆறுதல் அடைந்தார்கள். அதே பிரிவில் இருந்த ஓர் அதிகாரிக்கு மட்டும் அந்த ஆறுதல் வரவில்லை. பதவி உயர்ந்து சென்னைக்கு வருவதற்கு முன் அவர் ஓசூர்க் கிளையில் சிறுதொழில் கடன்களைப் பார்த்தவர். ஜூஜுவாடியின் பட்டறைகளுக்குள் நடந்து பழகியவர்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் ஜூஜுவாடி. தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற இடம் என்றுதான் பலருக்கு இந்த ஊரைத் தெரியும். வங்கிக்காரர்களுக்கு இதன் முகம் வேறு. சிப்காட் வளாகத்தை ஒட்டி, தகரக் கூரைக்கு அடியில் நான்கு சி.என்.சி. மெஷின் போட்டு, பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு, அதன் ஒரு பாகத்தைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகளின் ஊர் இது. மெஷினுக்கு டேர்ம் லோன், ஓட்டத்துக்கு ஓ.டி., வீட்டுப் பத்திரத்தை வைத்து இன்னொரு கடன். ஒரே மனிதர், மூன்று கணக்குகள்.

இந்தப் பட்டறைகளில் ‘ஆர்டர்’ என்று யாரும் அதிகம் பேச மாட்டார்கள். ‘ஷெட்யூல்’ என்பதுதான் பேச்சு. அடுத்த மாதம் எந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்று மேலே உள்ள கம்பெனி அனுப்பும் தாள் அது. அந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பட்டறைக்காரர் அதிகாரியிடம் சொன்னார்: “ஆர்டரை யாரும் கேன்சல் பண்ணல சார். ஷெட்யூல்தான் வரல.”

இந்த வித்தியாசம் முக்கியமானது. வாகன ஆலை 5 நாள் நிற்கும்போது அது செய்யும் முதல் வேலை, கையிருப்பில் உள்ள உதிரிபாகத்தைத் தீர்ப்பது. அதற்கு உதிரிபாகம் கொடுப்பவரும் தன் கையிருப்பைத் தீர்க்கிறார். மூன்றாவது படியில் இருக்கும் ஜூஜுவாடிப் பட்டறைக்கு அந்த 5 நாள், வேலையே இல்லாத ஒன்றரை மாதமாக வந்து சேரும். ஓ.டி. கணக்கு மாதம் முழுக்க லிமிட்டிலேயே நிற்கும். ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் மட்டும் ஒழுங்காக வரும். அதில் சரக்கும் இருக்கும், வரவேண்டிய பாக்கியும் இருக்கும். ஆனால் அந்த அதிகாரி முதலில் கேட்பது ஈ.பி. பில்லை. எழுதிக் கொடுக்கும் சரக்குக் கணக்கில் கூட்டலாம், குறைக்கலாம். மெஷின் ஓடாமல் மின்சார யூனிட் ஏறாது. இரண்டு மாத யூனிட் பாதியாகிவிட்டால், தவணை தவறுவதற்கு இன்னும் மூன்று நான்கு மாதம்தான் இருக்கிறது என்பது அவர் கண்ட கணக்கு.

தலைமை அலுவலகத்தில் அவர் செய்யவேண்டிய வேலைக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று பெயர். நாடு கடும் மந்தத்தில் விழுந்தால் வங்கி கொடுத்த கடன்களில் எவ்வளவு வாராக்கடனாகும், அந்த நஷ்டத்தைத் தாங்கியபின் மூலதனம் எவ்வளவு மிஞ்சும், சட்டம் கேட்கும் அளவுக்கு எத்தனை கோடி குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்ப்பது. ரிசர்வ் வங்கி இதற்கான வழிகாட்டுதலை 2007-ல் கொடுத்து, 2013 டிசம்பரில் திருத்தியது. எல்லா வங்கிகளும் செய்கின்றன. அறிக்கை இயக்குநர் குழுவுக்குப் போகிறது. பெரும்பாலும் அதில் ‘தாங்கும்’ என்றே முடிவு இருக்கும்.

ஏன் எப்போதும் தாங்குகிறது என்பதுதான் அவரை உறுத்திய கேள்வி. வங்கியின் உண்மையான எண்களை வெளியே சொல்ல முடியாது. ஆகவே பின்னாளில் பயிற்சி வகுப்புகளில் அவர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய ஒரு கற்பனை வங்கியின் கணக்கையே இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வங்கி கொடுத்திருக்கும் கடன் 10,000 கோடி ரூபாய். கடனின் தன்மையைப் பொறுத்து ரிசர்வ் வங்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை வைத்திருக்கிறது. வீட்டுக் கடனுக்குக் குறைவு, ரேட்டிங் இல்லாத கம்பெனிக்கு அதிகம். அப்படி எடை போட்டால் 8,000 கோடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் சொந்த மூலதனம் 1,040 கோடி. ஆக விகிதம் 13 சதவீதம். இந்தியாவில் குறைந்தபட்சம் 9 சதவீதம் வேண்டும். அதற்கு மேல் இக்கட்டுக் காலத்துக்கான சேமிப்பாக 2.5 சதவீதம். மொத்தம் 11.5. சாதாரண வருடத்தில் வங்கி பார்க்கும் இயக்க லாபம் 200 கோடி.

இப்போது மந்தம் வருகிறது. கடனில் 9 சதவீதம், அதாவது 900 கோடி, ஒரு வருடத்தில் வாராக்கடன் ஆகிறது. ஏலம் போட்டு, பேசித் தீர்த்து, எல்லாம் வசூலித்த பிறகும் அதில் 45 சதவீதம் திரும்பாது என்று வைத்தால் நஷ்டம் 405 கோடி. வராத வட்டியால் லாபமும் 150 கோடியாகக் குறைகிறது. அதைக் கழித்தால் மூலதனத்திலிருந்து போவது 255 கோடி. மிச்சம் 785 கோடி. இதற்கிடையே பயன்படுத்தாமல் வைத்திருந்த லிமிட்டை எல்லாரும் எடுத்துவிடுவார்கள், ரேட்டிங்குகள் இறங்கும். எடைபோட்ட கடன் 8,300 கோடியாக ஏறும். 785-ஐ 8,300-ஆல் வகுத்தால் 9.46 சதவீதம்.

இதுதான் அறிக்கையின் கடைசி வரியில் நிற்கும் எண். ஒருவர் இதைப் படித்துவிட்டு ‘9-க்கு மேல் இருக்கிறது, பாஸ்’ என்பார். அந்த அதிகாரி ‘11.5-க்கு 170 கோடி பற்றாக்குறை’ என்று எழுதுவார். இரண்டுமே கணக்குப்படி சரி. ஆனால் 11.5-க்குக் கீழே போன வங்கிக்கு டிவிடெண்ட் கொடுப்பதில் கட்டுப்பாடு வருகிறது. டிவிடெண்ட் தராத வங்கியின் புதிய பங்கை மந்த காலத்தில் வாங்க ஆள் தேட வேண்டும். 2.5 சதவீதச் சேமிப்பு இக்கட்டில் எடுத்துச் செலவழிக்கத்தான் இருக்கிறது என்று விதி சொன்னாலும், எடுத்த வங்கியைச் சந்தை அப்படிப் பார்ப்பதில்லை. ஆகவே பற்றாக்குறையை 11.5-லிருந்து அளப்பதே நேர்மை என்பது அவருடைய முடிவு. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இப்படிப்பட்ட கணக்குகளில் இரண்டு இடங்களில் ஓட்டை விழலாம். முதல் ஓட்டை காலம். அறிக்கை தயாரிப்பவர் 45 சதவீத நஷ்டத்தை முதல் வருடத்திலேயே எழுதாமல், ரிசர்வ் வங்கியின் ஒதுக்கீட்டு விதிப்படி மட்டும் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் தவணை தவறிய கடன், முதல் 12 மாதம் ‘தரம் குறைந்த’ வகையில் இருக்கும். அடமானம் உள்ள கடன் என்றால் அதற்கு 15 சதவீதம் ஒதுக்கினால் போதும். 900 கோடியில் 15 சதவீதம் 135 கோடி. லாபமோ 150 கோடி. நஷ்டமே இல்லை! நாடே மந்தத்தில் விழுந்தும் மூலதனம் ஒரு ரூபாய் குறையவில்லை என்று ஓராண்டுச் சோதனை சொல்லிவிடும். அடுத்த வருடம் அந்தக் கடன் ‘சந்தேகத்துக்குரிய’ வகைக்குப் போகும்போது 25 சதவீதம், பிறகு 40, கடைசியில் 100 என்று ஒதுக்கீடு ஏறிக்கொண்டே போகும். பற்றாக்குறை வெளியே தெரிவது மூன்றாவது நான்காவது வருடத்தில். அதனால் ஒரே வருடத்தில் நிறுத்திய சோதனையைக் கையில் கொடுத்தால் அவர் முதல் பக்கத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

45 சதவீதம் என்பதும் ஜூஜுவாடிக்கு ஏற்ற அளவா என்று அவர் கேட்பார். அடமானமாக இருப்பது சி.என்.சி. மெஷின். நல்ல நாளில் அதற்கு ஓசூரிலேயே ஆள் உண்டு. வேலை நின்ற மாதத்தில் பக்கத்துப் பட்டறையிலும் மெஷின் சும்மா நிற்கிறது. வாங்குபவர் யார்? இடம் சிப்காட் குத்தகையாக இருந்தால், ஏலத்தில் எடுப்பவருக்கு மாற்றித் தர சிப்காட்டின் அனுமதி வேண்டும். காலம் போகும். கடன் கெடுகிற அதே நேரத்தில் அடமானமும் விலை இறங்குகிறது என்பதைப் பல அறிக்கைகள் கணக்கில் கொள்வதில்லை.

இரண்டாவது ஓட்டை, கடனை எந்தப் பெயரில் பதிவு செய்கிறோம் என்பது. அவர் அதிக நாள் செலவிட்டது இங்கேதான்.

கிளையில் கடன் கணக்குத் தொடங்கும்போது தொழில் வகை என்று ஒரு குறியீடு போடுவார்கள். கற்பனை வங்கியில் ‘வாகன உதிரிபாகம்’ என்ற குறியீட்டில் 600 கோடி இருக்கிறது. சோதனையில் அந்த 600 கோடிக்கு மட்டும் கடுமையாக, 20 சதவீதம் கெடும் என்று வைத்தார்கள். மீதி 9,400 கோடிக்கு 8.3 சதவீதம். இரண்டும் சேர்ந்துதான் முன்னே சொன்ன 900 கோடி. ஆனால் கடைசல் பட்டறை ‘பொது இன்ஜினியரிங்’ குறியீட்டில் இருக்கிறது. ரப்பர் புஷ் செய்பவர் ‘ரப்பர், பிளாஸ்டிக்’. வார்ப்பு செய்பவர் ‘அடிப்படை உலோகம்’. செய்த வண்டியை எடுத்துப் போகிற டிரெய்லர்காரர் ‘போக்குவரத்து’. வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டவர் ‘சொத்து அடமானக் கடன்’. இவர்கள் எல்லாரும் காகிதத்தில் ஐந்து வேறு தொழில். மாதக் கடைசியில் இவர்கள் கைக்குக் காசு வருவது ஒரே வாசலிலிருந்து.

இதைப் பிரித்தறியக் குறியீடு உதவாது. அவர் ஜி.எஸ்.டி. வழியாகப் போனார். ஒவ்வொரு கடன்தாரரும் யாருக்கு பில் போடுகிறார், மொத்த விற்பனையில் முதல் மூன்று வாடிக்கையாளர்களுக்குப் போவது எவ்வளவு என்று கிளைகளிடமிருந்து வாங்கினார். விற்பனையில் பாதிக்கு மேல் லாரி, இருசக்கர வாகன ஆலைகளையோ அவற்றின் முதல்படி சப்ளையர்களையோ நம்பியிருந்தால், குறியீடு எதுவானாலும் அந்தக் கடனுக்கு வாகனம் என்று முத்திரை குத்தினார். ஜி.எஸ்.டி. பில் இல்லாத வரிசை வீட்டுக்காரர்களுக்குக் கிளை மேலாளர்தான் சாட்சி. குடியிருப்பவர்கள் எந்த ஆலையில் வேலை பார்க்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

கற்பனை வங்கியில் இப்படித் தேடினால் மேலும் 900 கோடி வாகனத்தின் பக்கம் வருகிறது. 600 கோடி 1,500 கோடி ஆகிறது. அந்த 900 கோடிக்கு 8.3 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் போட்டால் வாராக்கடன் 105 கோடி கூடும். நஷ்டம் 47 கோடி கூடும். மூலதனம் 738 கோடியாகி, விகிதம் 8.89-க்கு வந்துவிடும். ஒரு புதிய கடனும் கொடுக்கவில்லை, மந்தமும் முன்னதைவிடக் கடுமை இல்லை. குறியீட்டைச் சரிபார்த்ததால் மட்டும் வங்கி 9-க்குக் கீழே இறங்கிவிட்டது. 11.5-க்குப் பற்றாக்குறை 170-லிருந்து சுமார் 217 கோடி.

பிறகு கேள்வியைத் தலைகீழாகப் போடுவார். சரியாக 9 சதவீதத்தில் நிற்க எவ்வளவு கடன் கெடலாம்? அதே எண்களோடு கணக்குப் போட்டால் ஏறக்குறைய 985 கோடி, அதாவது மொத்தக் கடனில் 9.8 சதவீதம். இயக்குநர்களுக்கு மாடல் புரியாமல் போகலாம். ‘ஓசூரில் ஷெட்யூல் ஒரு காலாண்டு நின்றால் இந்த 985 கோடியில் எவ்வளவு அங்கேயே கெடும்?’ என்ற கேள்வி எல்லாருக்கும் புரியும்.

அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய மந்தங்களின் தரவை எடுத்து, நாட்டின் உற்பத்தி இத்தனை குறைந்தால் வாராக்கடன் இத்தனை கூடும் என்று தொடர்பு காண்பதுதான் வழக்கம். இந்தியத் தரவில் இது ஏமாற்றும். 2008 உலக நெருக்கடிக்குப் பிறகு, கஷ்டப்பட்ட கடன்களை மறுசீரமைத்து நல்ல கடனாகவே காட்ட வங்கிகளுக்குச் சலுகை கிடைத்தது. 2015-ல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு நடத்திய பிறகுதான் மூடிவைத்தது வெளியே வந்தது. 2018 மார்ச்சில் வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. மாடலின் கண்ணுக்கு, மந்தம் வந்த வருடத்தில் கடன் கெடவில்லை, பொருளாதாரம் வளர்ந்த வருடங்களில் கெட்டது.

2020 இதைவிடப் பெரிய உதாரணம். கொரோனாவின் முதல் காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிடச் சுமார் 24 சதவீதம் விழுந்ததாக முதல் மதிப்பீடு சொன்னது. அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் நிதி நிலைத்தன்மை அறிக்கையில், 8.5 சதவீதமாக இருந்த வாராக்கடன் 2021 மார்ச்சில் 12.5 ஆகலாம், மிகக் கடும் நிலையில் 14.7 வரை போகலாம் என்று கணித்தது. அந்த நிலையில் ஐந்து வங்கிகள் 9 சதவீத மூலதனத்துக்குக் கீழே போகலாம் என்றும் சொன்னது. நடந்தது என்ன? 2021 மார்ச்சில் வாராக்கடன் 7.5 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஆறு மாதத் தவணைத் தள்ளிவைப்பு, வாராக்கடன் என்று அறிவிக்க உச்ச நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடை, சிறுதொழில்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வந்த அவசரகாலக் கடன் எல்லாம் சேர்ந்து கடன்தாரரைத் தாங்கின. ஜூஜுவாடியில் பல பட்டறைகள் அந்த உத்தரவாதக் கடனால்தான் மீண்டும் மெஷினைப் போட்டன.

இதைப் பார்த்து ரிசர்வ் வங்கியின் கணிப்பு பொய்த்தது என்று பலர் பேசினார்கள். அந்த அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. சோதனை கேட்பது ‘உதவி வராவிட்டால் என்ன ஆகும்’ என்பதை. உதவி வந்தது. அடுத்த மந்தத்தில் அதே அளவு உதவி வரும் என்று எந்த வங்கியும் மூலதனத்தைக் குறைத்து வைக்க முடியாது. 2020-21 தரவை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால், மந்தம் வந்தால் வாராக்கடன் குறையும் என்று அது கற்றுக்கொள்ளும். அதனால் அவர் அந்த ஆண்டைக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவைத்துவிட்டு, 2019-20-ஐப் பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டு நாட்டில் கனரக, நடுத்தர வர்த்தக வாகன விற்பனை சுமார் 42 சதவீதம் விழுந்தது. 2018 ஜூலையில் லாரிகளின் அனுமதிக்கப்பட்ட பாரத்தைக் கூட்டினார்கள். இருக்கிற வண்டியிலேயே அதிகம் ஏற்றலாம் என்றானதும் புது வண்டிக்குத் தேவை குறைந்தது. அந்த செப்டம்பரில் ஐ.எல்.எஃப்.எஸ். தவணை தவறியதும் நிதி நிறுவனங்கள் கையை இறுக்கின. தவணைத் தள்ளிவைப்பு வருவதற்கு முந்தைய மாதங்களில், ஓசூர்க் கணக்குகள் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று எந்த வேகத்தில் நகர்ந்தன என்பது கிளைப் பதிவேட்டில் அப்படியே இருந்தது. வாகனத்துக்கான கெடுவிகிதத்தை அவர் அதிலிருந்துதான் கட்டினார்.

பற்றாக்குறை என்று எழுதியபின் அது எப்போது தெரியவேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. அதன் சரிவுக்குக் காரணம் மந்தம் என்று சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன்கள் முன்பே கெட்டிருந்தன. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கைக் கட்டுப்பாட்டில் வைத்தது. அடுத்த மாதம், ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையக் கேட்டிருந்த அனுமதி மறுக்கப்பட்டது. மூலதன விகிதம் 2020 மார்ச்சில் 1.12, ஜூனில் 0.17, செப்டம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே 2.85. நவம்பர் 17-ம் தேதி, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. நவம்பர் 27-ம் தேதி அது டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சுமார் 318 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்களும் எழுதித் தள்ளப்பட்டன.

விகிதம் 13-ல் இருக்கும்போது 170 கோடி திரட்டுவது பங்குச்சந்தையில் ஒரு வாரத்து வேலை. 9-ஐத் தொட்ட பிறகு அதே தொகையைக் கொடுக்க வருபவர் வங்கியையே கேட்பார். அந்த அதிகாரியின் அறிக்கையில் பற்றாக்குறைத் தொகைக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொரு கட்டம் இருக்கும்: இந்தத் தொகையை எந்தக் காலாண்டுக்குள் திரட்டவேண்டும் என்பது. கூடவே, திரட்ட முடியாவிட்டால் எந்தக் கடன்களை நிறுத்தவேண்டும் என்பதும். அந்தப் பட்டியலில் சிறு பட்டறைகளின் ஓ.டி. லிமிட்டை முதலில் வெட்டலாம் என்று யாராவது எழுதினால் அவர் அடித்துவிடுவார். லிமிட்டை வெட்டினால் பட்டறை அந்த வாரமே நிற்கும். நின்றால் வாராக்கடன் கூடும், பற்றாக்குறையும் கூடும். புதிய பெரிய கடன்களை ஒத்திவைப்பது, டிவிடெண்டை நிறுத்திவைப்பது, சில கடன்களை வேறு வங்கிக்கு விற்பது என்பதுதான் அவர் போடும் வரிசை.

ஒவ்வொரு வங்கியும் பாசல் III வெளியீடு என்ற அறிக்கையைத் தன் இணையதளத்தில் போடவேண்டும். மூலதன விகிதமும், எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன் என்ற அட்டவணையும் அதில் இருக்கும். வங்கிப் பங்கோ கடன்பத்திரமோ வைத்திருப்பவர்கள் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ‘பொது இன்ஜினியரிங்’, ‘இதர தொழில்கள்’ என்ற வரிகளில் பெரிய தொகை இருந்தால், அதில் எவ்வளவு ஓசூர் போன்ற ஒரே தொழிலை நம்பிய ஊர்களில் இருக்கிறது என்று பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.